சாதிப் பாடத்தின் நான்கு அறிஞர்கள்: அட்டவணையை எப்படிப் போடுவது?

குடிமைப்பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப்பாடமாக எடுத்தவர்களுக்கு, இரண்டாம் தாளில் சாதி அமைப்பு என்றொரு பகுதி வரும். அதில் நான்கு பெயர்கள்: ஜி.எஸ். குர்யே, எம்.என். சீனிவாஸ், லூயி துமோன், ஆந்த்ரே பெத்தேய். முதுகலைச் சமூகவியலிலும் இந்த நால்வரைத் தாண்டிப் போக முடியாது. பாடத்தை ஒருமுறை படித்து முடித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து, பார்வை, மையக் கருத்து, விமர்சனம், எடுத்துக்காட்டு என்று நான்கு நிரல் போட்டு நிரப்பத் தொடங்குவார்கள்.

நிரல்களைப் பற்றிப் பெரிதாகத் தகராறு இல்லை. முடிவெடுக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, வரிசையில் யார் அல்லது எது: ஆளுக்கு ஒரு வரிசையா, கேள்விக்கு ஒரு வரிசையா? இன்னொன்று, எடுத்துக்காட்டு நிரலில் அவரவர் ஆய்வு செய்த ஊரைப் போடுவதா, எல்லோருக்கும் பொதுவாக ஒரே சம்பவத்தைப் போடுவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் அட்டவணை ஆள்வாரியாகத்தான் இருக்க வேண்டும். கேள்விவாரி அட்டவணையை அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டில் இரண்டும் வேண்டும், ஆனால் கலக்காமல். ஏன் என்பதை இந்தப் பாடத்தையே வைத்துப் பார்க்கலாம்.

ஆள்வாரி அட்டவணையின் வழக்கமான சிக்கல் முதல் இரண்டு நிரல்களிலேயே தொடங்குகிறது. துமோன் வரிசையில் பார்வை என்ற கட்டத்தில் "சாதி என்பது தூய்மை–தீட்டு அடிப்படையிலான படிநிலை" என்று எழுதுவார்கள். மையக் கருத்து என்ற கட்டத்தில் "தூய்மை, தீட்டு, படிநிலை" என்று எழுதுவார்கள். ஒரே விஷயம் இரண்டு தடவை. நான்கு நிரல் போட்டும் கையில் மூன்றுதான் இருக்கிறது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது. பார்வை என்ற கட்டத்தில் அவர் எங்கே நின்றுகொண்டு பார்த்தார் என்பதை மட்டும் எழுத வேண்டும். மையக் கருத்தில், அங்கே நின்று என்ன கண்டார் என்பதை எழுத வேண்டும். எங்கே நின்றார் என்று நான் சொல்வது கோட்பாட்டு அர்த்தத்திலும்தான், சொந்த அர்த்தத்திலும்தான். குர்யே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பண்டைய நூல்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் வைத்து எழுதியவர். அவருடைய மாணவராக இருந்த சீனிவாஸ், பிறகு ஆக்ஸ்போர்டு போய் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனிடம் கற்று, 1948-ல் மைசூருக்குப் பக்கத்தில் ராம்புரா என்று அவர் பெயர் வைத்த கிராமத்தில் போய்த் தங்கினார். தங்கியது ஊர்த் தலைவரின் இடத்தில். பெத்தேய் 1961–62-ல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்பது அவர் அதற்கு வைத்த புனைபெயர். அங்கே அவர் குடியிருந்தது அக்ரகாரத்தில்.

துமோன் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1949–50-ல் அவர் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்து, 1957-ல் அதைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். ஆனால் 1966-ல் பிரெஞ்சில் வந்த ‘ஹோமோ ஹைரார்கிக்கஸ்’ நூலில் சாதியமைப்பு முழுவதையும் விளக்க வந்தபோது, அவர் ஆதாரமாக ஊன்றி நின்றது தர்ம நூல்களும், தனித்தனி வழக்கங்களைவிட அவற்றுக்கு இடையிலான உறவுகளைப் பார்க்கும் அமைப்பியலும்தான். ஆடு வெட்டிப் படைக்கிற மக்களோடு வாழ்ந்தவர், பிராமணரை உச்சியில் வைத்த கோட்பாட்டை எழுதினார். இந்த ஒரு தகவலைப் பார்வைக் கட்டத்தில் எழுதிவைத்தால், விமர்சனக் கட்டம் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

சரி, எல்லோருக்கும் இது இவ்வளவு எளிதாக அமையுமா? அமையாது. குர்யே வரிசை முரண்டு பிடிக்கும். 1932-ல் வந்த தம் நூலில் அவர் சாதிக்கு ஆறு இயல்புகளைச் சொன்னார்: சமூகம் துண்டு துண்டாகப் பிரிந்திருத்தல், படிநிலை, உண்பதிலும் பழகுவதிலும் தடைகள், பிரிவுக்குப் பிரிவு மாறும் சமூக–சமயச் சலுகைகளும் இயலாமைகளும், தொழிலைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இல்லாமை, திருமணக் கட்டுப்பாடு. இந்த ஆறையும் மையக் கருத்துக் கட்டத்தில் எழுதினால் கட்டம் வழிந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ஆறும் விளக்கம் அல்ல, விவரிப்பு என்பது. எது இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, எது தாங்கிப் பிடிக்கிறது என்று சொல்லவில்லை. குர்யேயிடம் விளக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது வேறிடத்தில் இருக்கிறது. சாதி கங்கைச் சமவெளியில் பிராமணியப் பண்பாட்டில் உருவாகி மற்றப் பகுதிகளுக்குப் பரவியது என்பது அவர் வாதம். மூக்கின் அளவை வைத்துச் சாதிப் படிநிலையை இனப் படிநிலையாகக் காட்ட முயன்ற பிரிட்டிஷ் அதிகாரி ரிஸ்லியை அவர் மறுத்தார். வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு மேல் அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று காட்டினார். ஆக, மையக் கருத்தில் இந்தத் தோற்ற வாதத்தை ஒரு வரியும், "ஆறு இயல்புகள்" என்பதை இரண்டு சொல்லும் எழுதினால் போதும். ஆறின் பட்டியலைத் தாளின் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் என்பது மனப்பாடப் பட்டியலுக்கான இடம் இல்லை.

இப்போது எதிர்த் தரப்பைப் பார்ப்போம். கேள்விவாரி அட்டவணை வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் நால்வர் பெயரையும் மேலே எழுதிவிட்டு, இடப்பக்கம் கேள்விகளை எழுதுவார்கள். சாதியின் அடித்தளம் எது? அதிகாரத்துக்கும் சாதிக்கும் என்ன உறவு? சாதி மாறுகிறதா, மாறினால் எப்படி? இப்படி மூன்று கேள்வி போட்டாலே நால்வரும் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "துமோனையும் பெத்தேயையும் ஒப்பிடுக" என்று கேட்டால், ஆள்வாரி அட்டவணை வைத்திருப்பவர் இரண்டு வரிசைகளைத் தனித்தனியாக ஒப்பித்துவிட்டு, கடைசியில் "இவ்வாறு இருவரும் வேறுபடுகின்றனர்" என்று முடிப்பார். கேள்விவாரி வைத்திருப்பவர் அதிகாரம் என்ற ஒரு வரிசையைக் கிடையாக வாசித்தாலே பதில் கிடைத்துவிடும். இன்னொரு நன்மை, காலிக் கட்டங்கள் கண்ணில் படும். அதிகாரத்தைப் பற்றி குர்யேயின் கட்டத்தில் எழுதப் போனால் கை தயங்கும். அந்தத் தயக்கமே குர்யே மீதான நல்ல விமர்சனம்.

ஆனாலும் முதல் அட்டவணையாக இதை நான் சொல்லமாட்டேன். காரணம் துமோன்தான். துமோனிடம் அந்தஸ்தும் அதிகாரமும் இரண்டு தனிக் கேள்விகள் இல்லை. அந்தஸ்து அதிகாரத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது என்பதே அவர் வாதத்தின் உயிர். அரசன் நாட்டை ஆளலாம், புரோகிதர் அவனிடம் கூலி வாங்கலாம். ஆனால் மதிப்பின் அளவில் புரோகிதரே மேலே, அரசன் அந்த ஒழுங்குக்குள் அடங்கியவன். இந்த வாதத்தை அடித்தளம் என்ற வரிசையில் ஒரு துண்டும் அதிகாரம் என்ற வரிசையில் ஒரு துண்டுமாக வெட்டிப் போட்டால், "துமோன் அதிகாரத்தைக் கண்டுகொள்ளவில்லை" என்ற அரைகுறை வாக்கியம்தான் மிஞ்சும். பல வழிகாட்டிக் குறிப்புகளில் இதே வாக்கியம் இருக்கிறது. அவர் அதிகாரத்தைக் கண்டுகொண்டார், ஆனால் இரண்டாம் இடத்தில் வைத்தார். இரண்டும் வேறு. ஒருவருடைய வாதம் முழுதாக மனதில் நின்ற பிறகுதான் அதை வெட்டலாம். அதனால்தான் ஆள்வாரி முதலில், கேள்விவாரி பிறகு.

விமர்சன நிரலுக்கு வருவோம். அட்டவணையில் அதிகம் வீணாகும் இடம் இதுதான். "ஒருதலைப்பட்சமானது", "மாற்றத்தை விளக்கவில்லை", "இந்துக்களை மட்டுமே எடுத்துக்கொண்டது" என்று எழுதியிருப்பார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயர் நிரலைக் கையால் மறைத்துவிட்டு விமர்சனத்தை மட்டும் வாசியுங்கள். அது எந்த வரிசைக்கும் பொருந்தினால், எந்த வரிசைக்கும் உரியது அல்ல. விமர்சனக் கட்டத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: யார் சொன்னது, அது பார்வையைத் தாக்குகிறதா, மையக் கருத்தைத் தாக்குகிறதா.

துமோனை எடுத்துக்கொண்டால், இமயமலை அடிவாரக் கிராமத்தில் ஆய்வு செய்த ஜெரால்ட் பெரிமன் 1971-ல் சொன்ன விமர்சனம் பார்வையைத் தாக்குகிறது. இது சாதியைப் பற்றிய பார்வை அல்ல, சாதியைப் பற்றிய பிராமணப் பார்வை என்பது அவர் குற்றச்சாட்டு. ஜோன் மென்ச்சர் 1974-ல் சொன்னதும் அந்தப் பக்கம்தான், ஆனால் அவரிடம் களம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமற்ற தலித் கூலிகளிடையே பழகிய அவர், சாதியைக் கீழேயிருந்து பார்த்தால் தெரிவது தூய்மை–தீட்டு அல்ல, உழைப்புச் சுரண்டல் என்றார். முன்வினைப் பயனால்தான் இந்த நிலை என்று மேலே உள்ளவர்கள் சொல்வதைக் கீழே உள்ளவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கவில்லை என்றும் காட்டினார்.

இத்தோடு நிறுத்தினால் துமோன் தோற்றுப்போனார் என்று ஆகிவிடும். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் எண்டாவூர் என்ற ஊரில் மைக்கேல் மொஃபட் ஆய்வு செய்து 1979-ல் நூல் வெளியிட்டார். அவர் கண்டது நேர் எதிர். மேல்சாதியாரின் வண்ணாரும் நாவிதரும் தங்களுக்கு வேலை செய்யாத நிலையில், சேரி மக்கள் தங்களுக்குள்ளேயே அதே மாதிரி ஏற்பாடுகளையும் மேல்–கீழ் வரிசையையும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள் என்றார். அதாவது, ஒதுக்கப்பட்டவர்களும் அந்தப் படிநிலையின் மதிப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது அவர் முடிவு. எனக்கு மொஃபட்டின் முடிவில் முழு உடன்பாடு இல்லை. வேறு வழி இல்லாத ஒருவர் செய்துகொள்கிற ஏற்பாட்டைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பது பெரிய கேள்வி. ஆனால் அட்டவணையில் மென்ச்சருக்கு எதிரில் மொஃபட்டை எழுதிவைத்தால், ஒரே மாவட்டத்தில் இரண்டு முடிவு என்ற செய்தி பதிலுக்கு உடனே கனம் கூட்டும். விமர்சனக் கட்டத்தில் இடம் இருந்தால் துமோனுக்கு மட்டும் இப்படி இரண்டு வரி கொடுங்கள். மற்ற மூவருக்கும் ஒரு வரி போதும்.

சீனிவாஸுக்கு என்ன? அவரிடம் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. 1952-ல் குடகர்களைப் பற்றிய நூலில் வந்த சமஸ்கிருதமயமாக்கம் ஒன்று: கீழே உள்ள சாதி மேல்சாதியின் சடங்குகளையும் வாழ்க்கைமுறையையும் பின்பற்றி மேலே ஏறப் பார்ப்பது. 1959-ல் ராம்புராவை வைத்து விரித்து எழுதிய ஆதிக்க சாதி இன்னொன்று. எண்ணிக்கை பலம், நிலம், அரசியல் செல்வாக்கு, ரொம்பக் கீழே இல்லாத சடங்கு அந்தஸ்து ஆகியவை சேர்ந்தால் ஆதிக்க சாதி. ராம்புராவில் அது ஒக்கலிகர். இரண்டையும் ஒரே கட்டத்தில் போடலாம். ஆனால் விமர்சனம் எதைத் தாக்குகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். எஸ்.சி. துபே 1968-ல் தாக்கியது ஆதிக்க சாதியை. ஊரை ஆட்டிப் படைப்பது ஒரு சாதி முழுவதும் அல்ல, அந்தச் சாதியின் சில குடும்பங்களும் கோஷ்டிகளும்தான் என்றார். சமஸ்கிருதமயமாக்கத்துக்கு துபேயின் விமர்சனம் பொருந்தாது. அங்கே நிற்கும் விமர்சனம் வேறு: ஒரு சாதி ஏணியில் ஒரு படி ஏறினாலும் ஏணி அப்படியே இருக்கிறது. இது இடமாற்றமே தவிர அமைப்பு மாற்றம் அல்ல என்பதை சீனிவாஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதற்குத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு கேட்டால் நாடார்களின் வரலாறு கையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சத்திரிய உரிமை கோரிப் பூணூல் அணிந்ததும், கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908-ல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றதும், பிறகு வணிகம், கல்வி, 1910-ல் தொடங்கிய மகாஜன சங்கம் என்று வேறு வழியில் உயர்ந்ததும் ஒரே வரலாற்றில் வருகின்றன. சடங்கு வழி அடைபட்ட இடத்தில் பொருளாதார வழி திறந்தது என்பதால், கருத்துக்கும் அதன் எல்லைக்கும் சேர்த்து இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

வரிசையின் ஒழுங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. பாடத்திட்டத்தில் பெயர்கள் வரும் ஒழுங்கில், துமோனுக்கு அடுத்துதான் பெத்தேய். அட்டவணையிலும் அப்படியே எழுதிவிடுகிறோம். பிறகு நம்மை அறியாமல், "துமோனுக்கு மறுப்பாக பெத்தேய் ஸ்ரீபுரம் ஆய்வை எழுதினார்" என்று பதிலில் வந்துவிடும். பெத்தேயின் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ வந்தது 1965-ல். துமோனின் பெருநூல் பிரெஞ்சில் 1966, ஆங்கிலத்தில் 1970. முன்னால் வந்த நூல் பின்னால் வந்ததை மறுக்க முடியாது. பெத்தேய் ஸ்ரீபுரத்தில் கைக்கொண்டது மாக்ஸ் வேபரின் வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் என்ற பிரிவினையை. துமோனோடு அவர் நேருக்கு நேர் மோதியது பிற்பாடு. சமத்துவம் பற்றி 1986-ல் எழுதிய கட்டுரையில் அந்த மோதல் வெளிப்படையாகவே நடந்தது. எனவே பெயருக்குக் கீழே ஆண்டை எழுதிவையுங்கள். அட்டவணையில் ஆண்டுக்கென்று தனி நிரல் தேவையில்லை. பெயர்க் கட்டத்தில் நான்கு இலக்கம் போதும்.

கடைசி நிரல், எடுத்துக்காட்டு. அவரவர் ஊர் என்றால் ராம்புரா, ஸ்ரீபுரம் என்று எழுதிவிடலாம். உண்மையானது, தவறு வராது. ஆனால் நான்கு ஊரும் நான்கு விதம் என்பதால் ஒப்பீடு வராது. பொது எடுத்துக்காட்டு என்றால் ஒரே சம்பவத்தை நால்வரின் கண்ணாலும் பார்க்க வேண்டும். வேறுபாடு பளிச்சென்று தெரிவது இங்கேதான். ஸ்ரீபுரத்தையே எடுத்துக்கொள்வோம். காவிரிப் பாசனப் பகுதியின் பழைய ஏற்பாட்டில் அந்த ஊரில் சடங்கு அந்தஸ்து, நிலம், ஊர் அதிகாரம் மூன்றும் அக்ரகாரத்தில்தான் குவிந்திருந்தன. பெத்தேய் போன சமயத்தில் பிராமணக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. பஞ்சாயத்துத் தலைமை பிராமணரல்லாதார் கைக்குப் போயிருந்தது. ஆனால் தீட்டு, கோயில் உரிமை, திருமணம் ஆகியவற்றில் பழைய வரிசை பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இதை பெத்தேய் எப்படிச் சொல்வார் என்பதில் ஊகம் தேவையில்லை. ஒன்றாகக் கிடந்த மூன்று ஏணிகள் பிரிகின்றன என்பதே அவர் நூலின் வாதம். சீனிவாஸ் இதை ஆதிக்கம் கைமாறுவதாகப் பார்ப்பார். வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்கு என்று ஆன பிறகு எண்ணிக்கை பலத்துக்கு மதிப்பு கூடியது, அக்ரகாரத்திடம் எண்ணிக்கை இல்லை. குர்யேயின் ஆறு இயல்புகளை வைத்துப் பார்த்தால் சலுகைகளும் தொழில் கட்டுப்பாடும் தளர்ந்திருக்கின்றன, திருமணம் தளரவில்லை. சாதிச் சங்கங்கள் வளர்வதைக் கண்டு, சாதியுணர்வு குறையவில்லை, கூடுகிறது என்று அவர் கவலைப்பட்டிருப்பார். 1932-லேயே அப்படித்தான் எழுதியிருந்தார்.

துமோன்? அடிப்படையில் எதுவும் நகரவில்லை என்பார். கைமாறியது அதிகாரம், அது எப்போதுமே இரண்டாம் தளம்தான், மேலே பிராமணர் அப்படியே இருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்ரீபுரம் அவரைச் சங்கடப்படுத்தும் இடமும் இதுதான். அந்தஸ்து ஒருவரிடம், அதிகாரம் வேறொருவரிடம் என்பது துமோனின் மாதிரி. பழைய ஸ்ரீபுரத்தில் இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. நிலவுடைமையாளராக இருந்த பிராமணரை அரசன் என்று சொல்வதா, புரோகிதர் என்று சொல்வதா? இந்தக் கேள்வி அவரவர் ஊரை மட்டும் எழுதிய அட்டவணையில் எழவே எழாது. பொது எடுத்துக்காட்டுக்குக் கொடுக்கும் உழைப்புக்கு இது ஒன்றே ஈடு.

ஆபத்தும் உண்டு. குர்யேயும் துமோனும் ஸ்ரீபுரம் பற்றி இப்படி எழுதவில்லை, அவர்கள் சார்பில் எழுதியது நான். இந்த ஊகம் ஆறு மாதம் கழித்து அட்டவணையை எடுக்கும்போது உண்மை மாதிரி தெரியும். தேர்வில் "துமோன் ஸ்ரீபுரம் பற்றிக் கூறுகையில்" என்று எழுதினால், விஷயம் தெரிந்த திருத்துநர் அங்கேயே பேனாவை நிறுத்துவார். அதனால் எடுத்துக்காட்டுக் கட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டாக்குங்கள். மேல் பாதியில் அவர் ஆய்வு செய்தது, பேனாவில். கீழ் பாதியில் பொதுச் சம்பவம், பென்சிலில். பென்சிலில் இருப்பது "இந்தக் கோணத்தில் பார்த்தால்" என்று தொடங்கித்தான் விடைத்தாளுக்குள் போக வேண்டும்.

அப்படிச் செய்தால் அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

| பெயர் | பார்வை | மையக் கருத்து | விமர்சனம் | எடுத்துக்காட்டு |
|---|---|---|---|---|
| குர்யே, 1932 | நூல்கள், வரலாறு, பம்பாயிலிருந்து | கங்கைச் சமவெளியில் தோன்றிப் பரவியது, ஆறு இயல்புகள் | விவரிக்கிறது, விளக்கவில்லை, நூலில் உள்ள சாதி, ஊரில் உள்ள சாதி அல்ல (சீனிவாஸ் வழி, பார்வையைத் தாக்குகிறது) | ரிஸ்லியின் மூக்கு அளவை மறுத்தது / ஸ்ரீபுரம்: தொழில் தளர்ந்தது, திருமணம் தளரவில்லை |
| சீனிவாஸ், 1952, 1959 | களப்பணி, ஊர்த் தலைவரின் இடத்திலிருந்து | சமஸ்கிருதமயமாக்கம், ஆதிக்க சாதி | சாதி அல்ல, சில குடும்பங்கள் (துபே, மையக் கருத்தைத் தாக்குகிறது) | ராம்புரா ஒக்கலிகர் / ஸ்ரீபுரம்: ஆதிக்கம் கைமாறியது |
| பெத்தேய், 1965 | களப்பணி, வேபர்; அக்ரகாரத்திலிருந்து | சாதி, வர்க்கம், அதிகாரம் பிரிகின்றன | சேரிக்கு மூன்றும் இல்லை, அங்கே எது பிரிந்தது? (என் கேள்வி, மையக் கருத்தைத் தாக்குகிறது) | ஸ்ரீபுரம் |
| துமோன், 1966 | அமைப்பியல், தர்ம நூல்கள் | தூய்மை–தீட்டு, அந்தஸ்து அதிகாரத்தை அடக்குகிறது | மேலிருந்து பார்த்தது (பெரிமன், மென்ச்சர், பார்வையைத் தாக்குகிறது), எதிர்க்குரல் மொஃபட் | பிறமலைக் கள்ளர் / ஸ்ரீபுரம்: அடிப்படை நகரவில்லை |

பெத்தேய் வரிசையின் விமர்சனத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்ரகாரத்தில் குடியிருந்த ஆய்வாளருக்குச் சேரி எவ்வளவு தூரம் திறந்திருக்கும் என்பது நியாயமான சந்தேகம். தாம் தங்கிய இடம் தம் ஆய்வைக் கட்டுப்படுத்தியதை அவரும் மறைக்கவில்லை. ராம்புராவில் சீனிவாஸுக்கும் இதே நிலைதான். ஒரு பெயரைச் சொல்லி விமர்சனம் கேட்டால், தஞ்சைக் கிராமங்களிலேயே 1950-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்து, சாதியை வர்க்கத்தின் பக்கமிருந்து பார்த்த காத்லீன் கஃப் இருக்கிறார். அவரை இந்தக் கட்டத்தில் எழுதலாம்.

இந்த அட்டவணையிலிருந்து கேள்விவாரி அட்டவணையை எடுப்பது அரை மணி நேர வேலை. மையக் கருத்து நிரலையும் பென்சில் நிரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாரம், மாற்றம் என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடையாக எழுதினால் போதும். பத்து மதிப்பெண் கேள்விக்கு நூற்றைம்பது சொல்தான் இடம். அதில் ஒப்பீடு கேட்டால் இரண்டாவது அட்டவணையின் ஒரு வரிசைக்கு மேல் எதுவும் நுழையாது. ஒரே ஆளைப் பற்றி இருபது மதிப்பெண்ணுக்குக் கேட்டால் முதல் அட்டவணையின் ஒரு வரிசையை இடமிருந்து வலமாக எழுதலாம். நேரம் குறைவாக இருந்து ஒன்றுதான் போட முடியும் என்றால், இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு முடிவு பாக்கி. அம்பேத்கரை எங்கே வைப்பது? பாடத்திட்டத்தின் இந்த நால்வர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பதால், பலரும் அவரை விமர்சன நிரலில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விமர்சன நிரலில் போட்டால் மற்றவர்கள் கோட்பாடு சொன்னவர்கள், அவர் குறை சொன்னவர் என்று ஆகிவிடும். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை குர்யேயின் நூலுக்குப் பதினாறு ஆண்டு மூத்தது. அதில் அவருக்கென்று பார்வையும் மையக் கருத்தும் எடுத்துக்காட்டும் இருக்கின்றன. அகமணமே சாதியின் சாரம் என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால், துணையை இழந்த ஆணையும் பெண்ணையும் என்ன செய்வது என்ற சிக்கல் வரும். உடன்கட்டை, கட்டாய விதவை நிலை, குழந்தை மணம் ஆகியவை அந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள் என்று காட்டினார். விமர்சனமும் எழுதலாம்: கதவு ஏன் மூடியது என்று இந்தக் கட்டுரை சொல்கிறது, மூடிய அறைகள் ஏன் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன என்பதற்கு அதில் அவ்வளவு பதில் இல்லை. சாதி உழைப்பைப் பிரிக்கவில்லை, உழைப்பவர்களைத் தரம் பிரித்து அடுக்குகிறது என்று அவர் அழுத்திச் சொன்னது 1936-ல்.

ஐந்தாவது வரிசையாக, ஆண்டு ஒழுங்கில் எல்லோருக்கும் மேலே அவரை எழுதியதும் இன்னொன்று தெரியவரும். முதலில் பிராமணர்கள் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்பற்றினார்கள் என்று 1916-லேயே, பிரெஞ்சுச் சமூகவியலாளர் கப்ரியேல் தார்தின் பின்பற்றல் விதிகளைத் துணைக்கு வைத்து அவர் வாதிட்டிருக்கிறார். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கத்திலும் மேலே இருப்பவரைப் பார்த்துப் பின்பற்றுவதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே அது ஒரு சாதி மேலே ஏறும் வழி, அம்பேத்கரிடம் சாதிகள் உருவான வழி. இரண்டு வரிசைக்கும் இடையே பென்சிலில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் இந்த வேறுபாட்டையும் எழுதிவையுங்கள்.